"தலைக்கு ஊத்தியாச்சுங்க"

போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு சீர் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்த பெரியம்மா என் காதருகே குனிந்து, "சின்ன மருமக முழுகாம இருக்கறாளாமா, மூணு வருசம் கழிச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் இலையில் கை நின்றுவிட்டது. முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பம். அப்படியானால் முழுகிவிட்டாள் என்றால் கர்ப்பமில்லை என்றுதானே நம் காது எடுத்துக்கொள்ளும்? பல்லடம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அதில் ஒரு சனிக்கிழமை இரவு, அந்த இரண்டாவது அர்த்தத்தை நம்பி ஒரு பெண்ணை ஒன்றேகால் மணி நேரம் அல்சர் நோயாளியாகப் படுக்க வைத்திருந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சம்பள நாள் என்பதால் ஒன்றரை ஷிப்ட் பார்க்க நின்று, பாதியில் முடியாமல் போய், மாமியார் துணையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மணி 7:45. வயிறு முழுக்க வலி என்றாள். மத்தியானம் கேண்டீனில் புரோட்டா சாப்பிட்டதிலிருந்துதான் என்றும், இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போக வேண்டும் போல இருந்து போனால் சரியாக வரவில்லை என்றும் சொன்னாள். வாந்தி ஒரு தடவை. நடந்துதான் வந்தாள். பிரஷர் 110/70, நாடி 104. வலியில் இருக்கிறவளுக்கு நாடி அப்படித்தான் ஓடும் என்று நினைத்தேன்.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் இல்லை. "தலைக்கு எப்பங்க ஊத்துனீங்க?" என்று கேட்டேன். "பத்து நாளாச்சுங்க சிஸ்டர்" என்றாள். மாமியார் அதோடு விடவில்லை. "அவளுக்கு ரெண்டாவது பையன் பொறந்தப்பவே ஆப்ரேசன் பண்ணியாச்சுங்க அம்மிணி, அந்த வெசனமே இல்லீங்க" என்றார். நான் கேஸ் ஷீட்டில் மாதவிலக்கு 10 நாள் முன்பு, குடும்பக் கட்டுப்பாடு முடிந்தது என்று எழுதி, அந்தக் கதவை நானே சாத்தினேன். டூட்டி டாக்டர் அதைப் படித்துவிட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தார். அசிடிட்டிக்கு ஒரு ஊசி, வயிற்றுப் பிடிப்புக்கு ஒரு ஊசி, ஒரு டிரிப் என்று எழுதினார். கையில் பிங்க் கலர் ஊசியைச் சொருகி டிரிப்பைத் தொங்கவிட்டேன். லேபில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கு அது சாதாரணம்.

8:15 மணிக்குக் கூப்பிட்டாள். "சிஸ்டர், படுத்தா வலது தோள்பட்டை நெம்ப வலிக்குதுங்க, எந்திரிச்சு உக்காந்துக்கட்டுமா?" என்றாள். நாள் முழுக்க மிஷினில் குனிந்து துணி ஓட்டுகிறவளுக்குத் தோள்பட்டை வலிக்காமல் என்ன செய்யும்? தலையணை ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டு வந்தேன். 8:40க்குப் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு போனேன். நாலு எட்டு வைத்ததும் கண்ணைக் கட்டுகிறது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பப் படுக்க வைத்துப் பார்த்தால் பிரஷர் 100/70, நாடி 118. சாப்பிடாமல் இருக்கிறாள், அதுதான் என்று டிரிப்பை வேகமாக்கினேன்.

ஒரு கேள்வி

ஒன்பது மணிக்கு நைட் டூட்டிக்குப் பெரிய சிஸ்டர் வந்தார். ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், அதற்கு முன் முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர். ஒவ்வொரு கட்டிலாக நான் சொல்லிக்கொண்டே வர, இவள் கட்டிலில் நின்றுவிட்டார். முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. பிறகு மாமியாரைப் பார்த்து, "வெளிய ஒரு நிமிசம் இருங்க ஆத்தா" என்று அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டார்: "கண்ணு, பத்து நாள் முன்னாடி தூரமானயில்ல, அது எப்பவும் போலத்தான் பட்டுச்சா?"

அவள் யோசித்தாள். "இல்லீங்க. எப்பவும் நாலு நாள் நல்லா போகும். இந்தத் தடவ ரெண்டு நாள், காப்பித் தண்ணியாட்ட சொட்டுச் சொட்டா. நாளும் கொஞ்சம் தள்ளித்தான் போயிருந்துச்சு. சரி, பட்டுருச்சேன்னு தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

என் கேள்விக்கு அவள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது குளித்த தேதி. அவள் சொன்னதும் குளித்த தேதி. அந்த இரண்டு நாள் பட்டது மாதவிலக்கே இல்லை. கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே ஒட்டி வளரும்போது, அது சுரக்கும் ஹார்மோன் போதுமான அளவு இருப்பதில்லை. கர்ப்பத்துக்காகத் தடித்துத் தயாராக இருந்த கருப்பையின் உள்பூச்சு தாக்குப்பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. நிறம் கறுத்து, அளவு குறைந்து, நாள் தப்பி வருவது அதனால்தான். வீட்டில் அதைத் தீட்டாகவே கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். குளித்துவிட்டால் கணக்கு முடிந்தது.

ஆபரேஷனும் அப்படித்தான். குழாயைக் கட்டி ஒரு துண்டு வெட்டி எடுக்கிறார்கள். மிகச் சிலருக்கு வருஷங்கள் போனபின் வெட்டிய முனைகளுக்கிடையில் நூலிழை போல ஒரு வழி திறந்துகொள்கிறது. விந்தணு மிகச் சிறியது, அந்த வழியில் நுழைந்துவிடும். கருவுற்ற முட்டை அதைவிடப் பல மடங்கு பெரியது, திரும்பிக் கருப்பைக்கு வர முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் தரிப்பது அபூர்வம். ஆனால் தரித்துவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒன்று குழாய்க் கர்ப்பமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோதான். ஆக, 'ஆப்ரேசன் ஆயிருச்சு' என்ற பதில் கேட்டவுடன் என் சந்தேகம் கூடியிருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் இருக்கிற ஊரில் வேலை செய்துகொண்டு, நான் அதைத் தலைகீழாகப் படித்தேன்.

பெட்பான் வைத்து எடுத்த சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு போட்டோம். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு கோடு. அந்தக் கார்டை நான் 7:50க்கே போட்டிருக்கலாம்.

தோள்பட்டை

அந்த வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் அது எளிதில் ஏமாற்றும். குழாய் வெடித்து வயிற்றுக்குள் கொட்டும் ரத்தம், படுத்தால் மேலே ஓடி உதரவிதானத்தின் அடியில் தேங்கும். அந்தத் தசைக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. தோள்பட்டைத் தோலுக்கும் கழுத்தின் அதே இடத்திலிருந்துதான் நரம்பு போகிறது. மூளைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல், வலி தோளில் இருப்பதாகக் காட்டுகிறது. டெய்லருடைய தோள்வலி வேலை செய்யும்போது கூடும், கையைத் தூக்கினால் கூடும், தேய்த்துவிட்டால் இதமாக இருக்கும். இது கையை அசைத்தாலும் மாறாது. படுத்தால் வரும், உட்கார்ந்தால் குறையும். அவள் என்னிடம் இதே வார்த்தையில்தான் சொன்னாள், படுத்தா வலிக்குது, உக்காந்துக்கட்டுமா என்று.

வெளிக்குப் போக வேண்டும் போன்ற உணர்வும் அதே ரத்தம்தான். கருப்பைக்குப் பின்னால், மலக்குடலை ஒட்டியிருக்கும் பள்ளத்தில் ரத்தம் கட்டிக்கொண்டு குடலை அழுத்துகிறது. புரோட்டா மேல் பழி விழுந்துவிட்டது. கருத்தரிக்கும் வயதிலுள்ள ஒரு பெண் வயிற்றுவலியோடு வந்து, கக்கூஸ் போக எழுந்து மயங்கினால், அதைப் பசி மயக்கம் என்று இப்போது நான் எழுதுவதில்லை.

ஹீமோகுளோபின் 10.4 என்னை ஏன் ஏமாற்றியது என்றால், ரத்தம் கொட்டும்போது சிவப்பணுவும் நீரும் ஒரே விகிதத்தில்தான் வெளியேறுகின்றன. மிச்சமிருக்கிற ரத்தத்தின் அடர்த்தி அப்போதைக்கு மாறாது. டிரிப் ஏறி, உடம்பின் நீரும் ரத்தக் குழாய்க்குள் வந்து சேர்ந்தபிறகுதான் எண் இறங்கும். அன்றிரவே தியேட்டரில் எடுத்தபோது 6.1. பிரஷரையும் நம்ப முடியாது, இளவயதுப் பெண்ணின் ரத்தக் குழாய்கள் இறுக்கிப் பிடித்து அதை வெகுநேரம் காப்பாற்றும். முதலில் பேசுவது நாடிதான். பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு சுலபமானது: நாடியின் எண்ணையும் பிரஷரின் மேல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. நாடி கீழேயே நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். பிரஷரை நெருங்கினால் பயப்படு, தாண்டினால் ஓடு. 7:45க்கு 104ம் 110ம், நெருங்கியாகிவிட்டது. 8:40க்கு 118ம் 100ம், தாண்டியாகிவிட்டது. இரண்டையும் நானே என் கையால் எழுதியிருந்தேன். இந்தக் கணக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்தும் நாடி ஏறாமலேயே இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் நாடி நிதானமாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரையும் விடக்கூடாது.

அடுத்த முக்கால் மணி நேரம்

9:10க்கு பிரஷர் 84/50, நாடி 132. பெரிய சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. பிங்க் ஊசி போதாது என்று இரண்டு கையிலும் பச்சை ஊசி, 18 நம்பர், போடச் சொன்னார். நரம்பு சுருங்கிக் கிடந்ததால் இடது கையில் இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது. அதே குத்திலேயே குரூப்புக்கும் கிராஸ் மேட்ச்சுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டோம், பிறகு நரம்பு தேட வேண்டியிருக்காது. தட்டையாகப் படுக்க வைத்துக் காலை மட்டும் உயர்த்தி, மாஸ்க்கில் ஆக்சிஜன், மேலே கம்பளி. ரிங்கர் லாக்டேட் அரை லிட்டரை வேகமாக விட்டோம். பிரஷரை 120க்கு ஏற்றிவிட வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாக விடக்கூடாது. மேல் எண் 90 பக்கம் நின்று, கூப்பிட்டால் பேசுகிறாள் என்றால் தியேட்டர் வரைக்கும் அது போதும். அதற்கு மேல் தள்ளினால், வெடித்த இடத்தில் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிற கட்டியும் பிய்த்துக்கொள்ளும், மிச்சமிருக்கிற ரத்தமும் நீர்த்துப்போகும். யூரின் டியூப் போட்டோம். மாமியார் "நாக்கு வறண்டு கெடக்குதுங்க" என்று டம்ளரில் காப்பியோடு வந்தார். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால் ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லி, நனைத்த பஞ்சால் உதட்டை மட்டும் துடைத்தேன்.

செய்யாமல் விட்டவையும் முக்கியம். ஆளாளுக்கு வந்து வயிற்றை அழுத்திப் பார்க்க விடவில்லை. கீழ்வழியாகப் பரிசோதிக்க யாரையும் விடவில்லை. எனிமா என்ற பேச்சே எழவில்லை, முன்பு ஓர் இடத்தில் மலச்சிக்கல் என்று நினைத்துக் கொடுத்து என்ன ஆனது என்று பெரிய சிஸ்டர் பார்த்திருக்கிறார்.

மகப்பேறு டாக்டரம்மா பின்தெருவிலேயே குடியிருந்ததால் பத்து நிமிஷத்தில் வந்தார். ஸ்கேனில் கருப்பை காலி. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்புப் பட்டையாகத் திரவம். எங்களிடம் ரத்தம் இல்லை, மயக்க டாக்டர் வர முக்கால் மணி நேரம். 108க்குச் சொன்னோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார். 'வயிற்றுவலி கேஸ் அனுப்புகிறேன்' என்று சொல்லவில்லை. "கார்டு பாசிட்டிவ், வயிறு முழுக்க ரத்தம், பிரஷர் 84, பி பாசிட்டிவ், நாலு யூனிட் எடுத்து வைங்க, தியேட்டரைத் திறந்து வைங்க" என்றார். குரூப் பழைய பிரசவ அட்டையிலேயே இருந்தது. ஆனாலும் மறுபடி பார்க்காமல் யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள் என்பதால் எடுத்த டியூபையும் கையோடு கொண்டுபோனேன். நெகட்டிவ் குரூப்பாக இருந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி என்று ரெஃபரல் சீட்டிலேயே எழுத வேண்டியிருந்திருக்கும்.

வண்டியில் நான் கூடப் போனேன். கண்ணை மூடவிடாமல் பேச்சுக் கொடுத்தேன், பெரிய பையன் பெயர், எந்த ஸ்கூல், என்ன வகுப்பு. "செத்துருவனுங்களா சிஸ்டர்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "டாக்டருங்க தயாரா நிக்கறாங்க கண்ணு, உன்னய விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்" என்றேன். 9:55க்கு நேராகத் தியேட்டருக்குள் ஸ்ட்ரெச்சர் போனது. வலது குழாய் வெடித்திருந்தது. வயிற்றிலிருந்து ஒன்றே முக்கால் லிட்டர் ரத்தத்தை எடுத்தார்கள். குழாயை எடுத்துவிட்டு, மூன்று யூனிட் ஏற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"சதை விழுந்துருச்சுங்க"

அதற்கப்புறம் நான் தேதி கேட்பதை மாற்றிக்கொண்டேன். கடைசியாகப் பட்டது எப்போது, எத்தனை நாள், எப்போதும் போன்ற அளவா, நிறமா, அதற்கு முந்தின மாதம் எப்போது. இவ்வளவையும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன். கல்யாணமாகாத பெண், மில் ஹாஸ்டல் பெண், கணவன் வெளிநாட்டில் இருப்பவள், யாராக இருந்தாலும் அடிவயிறு வலி என்றால் அவளிடம் சொல்லிவிட்டுக் கார்டு போடுகிறேன். டிரிப் நிறையப் போய் சிறுநீர் தண்ணீராக இருந்தால் கார்டு பொய் சொல்லலாம், சந்தேகம் தீராவிட்டால் ரத்தத்தில் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கிறேன்.

இதே கேள்வி கருச்சிதைவுக்கும் வேண்டும். வெறும் கருச்சிதைவு என்றால் ரத்தம் வெளியே தெரியும். கட்டி கட்டியாக வரும், வலி நடு அடிவயிற்றில் பிசைந்து பிசைந்து விடும், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்து அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே வரச் சொல்வோம். அங்கே பேடை எண்ணலாம். குழாய்க் கர்ப்பத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது, பேடில் நாலு சொட்டு, வயிற்றுக்குள் ஒரு குடம். ஆள் வெளுத்திருக்கிற அளவுக்கு வெளியே ரத்தம் இல்லை என்றால் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

இரண்டும் குழம்பிப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு தாராபுரம் ரோட்டுப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாள் தள்ளிப்போனதும் ஸ்கேன் பார்க்காமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். ரத்தம் போய், "சதை விழுந்துருச்சுங்க, கலைஞ்சு போச்சுங்க" என்றாள். இப்போது ஒரு பக்கமாக வலி. அந்த மாத்திரை கருப்பைக்குள் இருக்கிற கருவைத்தான் வெளியேற்றும், குழாயில் இருப்பதை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தம் வரும், வந்ததும் எல்லோரும் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். சதை விழுந்ததும் சாட்சி இல்லை. குழாய்க் கர்ப்பத்தில் கருப்பையின் உள்பூச்சு சில சமயம் முழுதாகக் கழன்று, முக்கோணத் துண்டாக விழும், பார்த்தால் கரு போலவே இருக்கும். கரு திசு என்றால் உப்புத் தண்ணீரில் போட்டால் குளத்துப் பாசி மாதிரி இழை இழையாக விரிந்து மிதக்கும். உள்பூச்சு அப்படி விரியாது. ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதில்லை, லேபுக்குத்தான் அனுப்புவோம். அதனால் விழுந்ததைப் பொடக்காளியில் போட்டு மூடிவிடாமல், சுத்தமான டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.

அவளுக்குக் கருப்பை காலியாக இருந்தது, குழாயிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நிலையில் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனை எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். நல்ல கர்ப்பமென்றால் பெரும்பாலும் ஒன்றரை மடங்காவது ஏறும், கலைந்திருந்தால் நன்றாக இறங்கும், இரண்டுமில்லாமல் தயங்கி நின்றால் குழாயைச் சந்தேகிப்பார்கள். அவளுக்கு முதலில் 980, இரண்டு நாளில் 1,120. அந்த இரண்டு நாளும் அவளைத் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்க விடாமல், டவுனில் அக்கா வீட்டில் தங்கச் சொன்னோம். வண்டி யாரிடம் இருக்கிறது, ராத்திரி போன் எடுப்பது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வெடிப்பதற்கு முன்பே தெரிந்ததால் ஊசி மருந்திலேயே தீர்ந்தது, கத்தி படவில்லை. நாலாம் நாளும் ஏழாம் நாளும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க மட்டும் வந்தாள்.

ஓவர்லாக் டெய்லர் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள், இப்போது செக்கிங்கில். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பொழுதோட, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கேஷுவாலிட்டியில் நிறுத்தினாள். "இவளுக்கு வலது தோள்பட்டை வலிங்க சிஸ்டர். படுத்தா வலிக்குதான்னு கேட்டேன், இல்லீங்கறா. போன மாசம் சரியாத்தான் பட்டுச்சுங்கறா. இருந்தாலும் ஒருக்கா அந்தக் கார்டைப் போட்டுருங்க" என்றாள். அந்தப் பெண் வெட்கத்தோடு நின்றாள். போட்டேன். ஒரே கோடு. மிஷினில் உட்கார்ந்து வந்த வலிதான். தைலம் எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போனார்கள்.